50πt − 0.04πx: ஒரு அலைச் சமன்பாட்டை வாசிக்கும் விதம்

பதினோராம் வகுப்பு இயற்பியலில் அலைகள் பாடத்துக்கு வந்துவிட்டால் இந்தக் கேள்வி ஏதோ ஒரு உருவத்தில் வந்தே தீரும். "இழுத்துக் கட்டிய கம்பி ஒன்றில் செல்லும் முன்னேறு அலையின் சமன்பாடு கீழே தரப்பட்டுள்ளது. x, y இரண்டும் செ.மீ-இலும், t நொடியிலும் உள்ளன. அலையின் வீச்சு, அலைநீளம், அதிர்வெண், வேகம் ஆகியவற்றைக் காண்க."

y = 2 sin(50πt − 0.04πx)

மாலை நேரத்தில் பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு இயற்பியல் சொல்லிக்கொடுப்பதால் இந்தக் கேள்வியை எத்தனையோ நோட்டுகளில் பார்த்தாயிற்று. பெரும்பாலும் ஒரே மாதிரிதான் போடுவார்கள். கொடுத்த சமன்பாட்டுக்குக் கீழே புத்தகத்தில் உள்ள பொதுச் சமன்பாட்டை எழுதுவது, y = A sin(ωt − kx) என்று. பிறகு மேலும் கீழும் கோடு போட்டு A = 2, ω = 50π, k = 0.04π என்று ஒப்பிட்டு எழுதுவது. அங்கிருந்து λ = 2π/k, f = ω/2π, v = fλ. விடை வந்துவிடும், மதிப்பெண்ணும் கிடைக்கும்.

இதில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் கேள்வித்தாள் தயாரிப்பவர் கொஞ்சம் குறும்புக்காரராக இருந்து, அதே அலையை வேறு வடிவத்தில் எழுதிவிட்டால் இந்த முறை அங்கேயே படுத்துவிடும். "சார், இந்த மாடல் நடத்தவே இல்லையே" என்று முகத்தைச் சுருக்குவார்கள். நடத்தியதுதான், உருவம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். அதனால் நான் பொதுச் சமன்பாட்டை முதலில் எழுதவே விடுவதில்லை. அடைப்புக்குறிக்குள் இருப்பதை மட்டும் பார்க்கச் சொல்வேன்.

சைன் எதை வாங்கிக்கொள்ளும்? ஒரு கோணத்தை. அப்படியென்றால் 50πt − 0.04πx என்பது மொத்தமும் ஒரு கோணம், ரேடியன் கணக்கில். இதைத்தான் கட்டம் என்கிறோம். இந்தக் கோணம் 2π அளவு கூடினாலோ குறைந்தாலோ சைன் பழைய இடத்துக்கே திரும்பிவிடும். இந்த ஒரு விஷயம் தெரிந்தால் கேட்ட நான்கில் மூன்றை எந்தச் சூத்திரமும் இல்லாமல் எடுத்துவிடலாம். நான்காவதான வீச்சு அடைப்புக்குறிக்கு வெளியே நிற்கிறது. சைனின் உச்சம் 1, எனவே y போகக்கூடிய அதிகபட்சம் 2 செ.மீ. அதோடு வீச்சின் கதை முடிந்தது.

அலைநீளத்துக்கு நேரத்தை நிறுத்திவிடுங்கள். t = 0 என்று வைத்தால் கம்பியை ஒரு போட்டோ எடுத்த மாதிரி. இப்போது கோணத்தை மாற்றுவது x மட்டும்தான். கம்பியில் எவ்வளவு தூரம் நகர்ந்தால் 0.04πx என்பது 2π ஆகும்? 0.04x = 2, ஆக x = 50 செ.மீ. போட்டோவில் அலை தன் உருவத்தைத் திரும்பக் காட்டும் தூரம் அதுதான். அலைநீளம் 50 செ.மீ.

அதிர்வெண்ணுக்கு இடத்தை நிறுத்திவிடுங்கள். x = 0-இல் கம்பிமேல் ஒரு மைப்புள்ளி வைத்து அதை மட்டும் பார்க்கிறோம் என்று வையுங்கள். அது மேலும் கீழும் ஆடுகிறது. எவ்வளவு நேரம் போனால் 50πt என்பது 2π ஆகும்? t = 2/50 = 0.04 நொடி. ஒரு ஆட்டத்துக்கு 0.04 நொடி என்றால் நொடிக்கு 25 ஆட்டம். அதிர்வெண் 25 ஹெர்ட்ஸ்.

வேகத்துக்கு இரண்டையும் ஓடவிட வேண்டும், ஆனால் கோணத்தைப் பிடித்துவைக்க வேண்டும். ஒரு முகட்டைப் பிடித்துக்கொள்வோம். கோணம் π/2 ஆக இருக்கும் இடத்தில் சைன் 1, அதுதான் முகடு. t = 0.01 நொடியில் 50πt என்பது 0.5π, எனவே முகடு சரியாக x = 0-இல் நிற்கிறது. t = 0.03 நொடியில் அதே முகடு எங்கே? 1.5π − 0.04πx = 0.5π என்று இருக்க வேண்டும், அதாவது 0.04x = 1, x = 25 செ.மீ. ஆக 0.02 நொடியில் முகடு 25 செ.மீ போயிருக்கிறது. நொடிக்கு 1250 செ.மீ, அதாவது 12.5 மீட்டர். அதே 0.03 நொடியில் x = 0-இல் இருக்கும் நம்முடைய மைப்புள்ளியின் கோணம் 1.5π, அங்கே சைன் −1, அது அகட்டில் கிடக்கிறது. முகடு முன்னே போய்விட்டது, புள்ளி இருந்த இடத்திலேயே கீழே இறங்கியிருக்கிறது. அலை என்றால் என்ன என்று பக்கம் பக்கமாக எழுதியிருப்பதெல்லாம் இந்த இரண்டு எண்களில் இருக்கிறது.

இந்தக் கணக்கைக் குறியீட்டில் எழுதினால் v = ω/k என்று வரும். நேரத்தோடு பெருக்கியிருக்கும் எண்ணை x-ஓடு பெருக்கியிருக்கும் எண்ணால் வகுத்தால் போதும், 50π/0.04π = 1250. π இருந்தால் அடிபட்டுப் போகும், இல்லாவிட்டால் கவலையே இல்லை. வேகத்தை மட்டும் கேட்கும் ஒரு மதிப்பெண் கேள்விக்கு λ, f இரண்டையும் கண்டுபிடித்துப் பெருக்குகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது. நீட் மாதிரி ஒவ்வொரு நிமிடத்துக்கும் விலை உள்ள தேர்வில் அது வீண் வேலை.

சரி, இப்போது குறும்புக்காரர் விஷயத்துக்கு வருவோம். கீழே உள்ளவை எல்லாம் மேலே பார்த்த அதே அலைதான். ஒரே ஆள், வேறு வேறு சட்டை.

y = 2 sin 2π(t/0.04 − x/50)

y = 2 sin 2π(25t − 0.02x)

y = 2 sin (2π/50)(1250t − x)

y = 2 sin 50π(t − x/1250)

முதல் வடிவம் உண்மையில் நமக்குச் செய்த உபகாரம். அலைவு நேரமும் அலைநீளமும் பகுதியிலேயே உட்கார்ந்திருக்கின்றன, எடுத்து எழுத வேண்டியதுதான் வேலை. மூன்றாவதில் வேகமும் அலைநீளமும் நேரடியாகத் தெரிகின்றன. நான்காவதில் வேகமும் கோண அதிர்வெண்ணும். இரண்டாவதுதான் ஆளைக் கவிழ்ப்பது.

அதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். 2π அடைப்புக்குறிக்கு வெளியே நிற்கிறது. பாதிப் பேர் அதைக் கண்டுகொள்ளாமல் k = 0.02, ω = 25 என்று எழுதிவிடுவார்கள். பிறகு λ = 2π/0.02 = 314 செ.மீ, f = 25/2π = 3.98 ஹெர்ட்ஸ். இரண்டும் தப்பு. ஆனால் வேகத்தைப் பாருங்கள். 25/0.02 = 1250. அது சரி! அப்புறம் ஆசிரியர் சொல்லிக்கொடுத்தபடி v = fλ போட்டுச் சரிபார்க்கிறார்கள். 3.98 × 314 போட்டால் தசமத்தைச் சுருக்கியது போக அதே 1250 வருகிறது. இரண்டு வழியிலும் ஒரே விடை வந்துவிட்டதே என்று நிம்மதியாக அடுத்த கேள்விக்குப் போய்விடுவார்கள்.

இப்படி ஆவதற்குக் காரணம் எளிது. விட்டுப்போன 2π அலைநீளத்தை 2π மடங்கு பெரிதாக்கியது, அதே 2π அதிர்வெண்ணை 2π மடங்கு சிறிதாக்கியது. பெருக்கும்போது ஒன்றை ஒன்று தின்றுவிடுகிறது. ஆகவே v = fλ என்பது இந்த இடத்தில் சோதனையே அல்ல. விட்டது 2π என்றால் அந்தச் சோதனைக்குக் கண் தெரியாது.

உண்மையான சோதனை வேறு. கண்டுபிடித்த அலைநீளத்தைச் சமன்பாட்டுக்குள்ளேயே திருப்பிப் போடுங்கள். x-க்கு 314 போட்டால் x உள்ள பகுதி 2π × 0.02 × 314, அதாவது 2π × 6.28. ஒரு சுற்று வர வேண்டிய இடத்தில் ஆறே கால் சுற்றுக்கு மேல் வருகிறது. உடனே மாட்டிக்கொள்ளும். 50 போட்டால் 2π × 1, சரியாக ஒரு சுற்று. அதிர்வெண்ணுக்கும் அப்படியே, t-க்கு 1/f போட்டால் ஒரு சுற்றுதான் வர வேண்டும். அரை வரி வேலை, ஆனால் இதைச் செய்கிறவர்களை அந்த 2π ஏமாற்ற முடியாது.

ஒரு மாணவி இதைக் கேட்டுவிட்டு, "அப்போ சார், வெளியே இருக்கிற ரெண்டு பையை முதல்லயே உள்ளே பெருக்கிட்டா என்ன?" என்றாள். செய்யலாம்மா, தாராளமாகச் செய்யலாம். எந்த வடிவம் வந்தாலும் அடைப்புக்குறியை முழுவதும் விரித்து, t-க்கு முன்னால் ஒரு எண், x-க்கு முன்னால் ஒரு எண் என்று கொண்டுவந்துவிட்டால் எல்லாச் சட்டையும் கழன்றுவிடும். அலகும் கூடவே துணைக்கு வரும். கோணத்துக்கு நீள அலகு கிடையாது, எனவே x-ஐப் பெருக்கும் எண்ணின் அலகு 1/செ.மீ ஆகத்தான் இருக்க முடியும், x-ஐ வகுக்கும் எண்ணின் அலகு செ.மீ. x/50 என்று பார்த்தவுடன் அந்த 50 ஒரு தூரம் என்பது தெரிந்துவிட வேண்டும்.

π இல்லாத கேள்விகள் வேறு ஒரு வகைப் பயத்தைக் கிளப்பும். y = 0.02 sin(60t − 4x), எல்லாம் எஸ்.ஐ அலகில் என்று வைப்போம். π எங்கே போயிற்று என்று தேடுவார்கள். எங்கும் போகவில்லை. 4x = 2π ஆக வேண்டும், x = π/2, அதாவது 1.57 மீட்டர். 60t = 2π ஆக வேண்டும், f = 60/2π, அதாவது சுமார் 9.55 ஹெர்ட்ஸ். வேகம் 60/4 = 15 மீட்டர்/நொடி, இதில் π தலைகாட்டவே இல்லை. கேள்வியில் π இருந்தால் அலைநீளம் π இல்லாத சுத்தமான எண்ணாக வரும், இல்லாவிட்டால் விடையில் π வரும். கேள்வி எழுதுகிறவர் கணக்கு சுலபமாக இருக்கட்டும் என்று சேர்த்துக்கொள்வதே அந்த π. அலைக்கு அதைப் பற்றி ஒன்றும் தெரியாது.

குறிப்பிட்ட இடத்தில், குறிப்பிட்ட நேரத்தில் இடப்பெயர்ச்சி எவ்வளவு என்று கேட்டால் ரேடியன் விஷயம் மறுபடியும் வந்து நிற்கும். நம் முதல் அலையில் x = 5 செ.மீ, t = 0.02 நொடி என்று எடுத்தால் கோணம் π − 0.2π = 0.8π. தேர்வு அறையில் கால்குலேட்டர் கிடையாது, எனவே π-க்கு 180° போட்டு 144° ஆக்கிக்கொள்வது நல்லது. sin 144° என்பது sin 36°, 0.588. y = 1.18 செ.மீ. வீட்டில் செல்போன் கால்குலேட்டரில் போட்டுப் பார்க்கிறவர்கள் 0.8π-ஐ 2.513 என்று அடித்து, அது டிகிரியில் இருப்பதைக் கவனிக்காமல் சைனை அழுத்தினால் 0.0438 வரும், y 0.088 செ.மீ ஆகிவிடும். அரை ஆட்டம் ஆடி முடிக்கப்போகும் புள்ளி கிட்டத்தட்ட நகரவே இல்லை என்று சொல்லும் விடை அது.

குறிகளைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். நம் சமன்பாட்டில் நடுவில் கழித்தல் இருந்தது, முகடு வலப்பக்கம் போயிற்று. அதையே 50πt + 0.04πx என்று மாற்றினால்? மறுபடியும் முகட்டைப் பிடியுங்கள். t = 0.01-இல் x = 0. t = 0.03-இல் 1.5π + 0.04πx = 0.5π, ஆக x = −25. முகடு இடப்பக்கம் போகிறது. t கூடும்போது கோணம் கூடுகிறது, அதைச் சமன்செய்ய x குறைந்தாக வேண்டும். இவ்வளவுதான் காரணம். t-யும் x-உம் எதிரெதிர் குறியில் இருந்தால் அலை +x திசையில், ஒரே குறியில் இருந்தால் −x திசையில். வீச்சு, அலைநீளம், அதிர்வெண் எதுவும் மாறவில்லை.

இதில் ஒரு பெரிய குழப்பம் உண்டு. சில புத்தகங்கள் sin(ωt − kx) என்று எழுதும், சில புத்தகங்கள் sin(kx − ωt) என்று எழுதும். இடம் மாறியதால் திசையும் மாறிவிட்டது என்று நினைப்பவர்கள் நிறைய. மாறவில்லை. இரண்டிலும் எதிரெதிர் குறிதான், இரண்டும் வலப்பக்கமே போகின்றன. வித்தியாசம், ஒன்றில் முகடு இருக்கும் இடத்தில் மற்றதில் அகடு இருக்கும். x = 0, t = 0.01-இல் முதல் வடிவம் +2 தரும், மற்றது −2 தரும். அலையைத் தலைகீழாகப் பிடித்த மாதிரி. கேட்ட நான்கு அளவுகளுக்கும் இதனால் ஒன்றும் ஆகப்போவதில்லை. அடைப்புக்குறிக்குள் + π/4 என்று ஒரு வால் ஒட்டிக்கொண்டு வந்தாலும் அப்படியே. அது தொடக்கக் கட்டம், t = 0-இல் அலை எந்த இடத்திலிருந்து கிளம்புகிறது என்பதை மட்டும் சொல்லும். அதைக் கொண்டுபோய் ω-வோடு கூட்டிவிடாமல் இருந்தால் போதும். சைனுக்குப் பதில் கொசைன் இருந்தாலும் இதே கதைதான், அது π/2 அளவு தள்ளி நிற்கும் சைன்.

வேகம் என்ற சொல் வரும் இடத்தில் யாருடைய வேகம் என்று கேட்காமல் பேனாவை எடுக்கக் கூடாது. முகடு 12.5 மீட்டர்/நொடியில் ஓடுகிறது. மைப்புள்ளிக்கும் ஒரு வேகம் உண்டு, அது மேலும் கீழுமாக. அது நொடிக்கு நொடி மாறும். நடுவில் கடக்கும்போது அதிகம், முகட்டிலும் அகட்டிலும் பூச்சியம். அதிகபட்சம் ωA, அதாவது 50π × 2 = 314 செ.மீ/நொடி, 3.14 மீட்டர்/நொடி. இரண்டும் வேறு வேறு எண்கள், வேறு வேறு திசைகள். பெருமத் துகள் வேகத்துக்கும் அலை வேகத்துக்கும் உள்ள விகிதத்தைக் கேட்பது நீட் பாணிக் கேள்விகளில் ரொம்பப் பிடித்தமான ஒன்று. ωA-வை ω/k-யால் வகுத்தால் kA. இங்கே 0.04π × 2, சுமார் 0.25. ஆனால் சில கேள்விகளில் y மி.மீ-இலும் x மீட்டரிலும் இருக்கும். தனித்தனியாக வீச்சும் அலைநீளமும் கேட்டால் அந்த அலகு வித்தியாசம் தொந்தரவு செய்யாது, ஒன்றை மி.மீ-இலும் மற்றதை மீட்டரிலும் எழுதிவிடலாம். இந்த விகிதத்தைக் கேட்டால் மட்டும் இரண்டையும் ஒரே அலகுக்குக் கொண்டுவந்தாக வேண்டும், இல்லாவிட்டால் ஆயிரம் மடங்கு தப்பும்.

kA என்ற எண்ணுக்கு இன்னொரு முகம் இருக்கிறது. போட்டோவில் கம்பி எவ்வளவு செங்குத்தாகச் சாய்கிறது என்பதும் அதே எண்தான். 0.25 என்றால் நான்கு செ.மீ நகர்ந்தால் ஒரு செ.மீ ஏறும் சரிவு. வீச்சை 20 செ.மீ என்று ஒருவர் எழுதிவைத்தால் kA 2.5 ஆகிவிடும், கம்பி இடையிடையே 68° சாய்ந்து நிற்க வேண்டும். கம்பியில் அலை இந்த எளிய வடிவத்தில் போகும் என்று நிரூபிக்கும்போதே சரிவு சிறியது என்று எடுத்துக்கொண்டுதான் ஆரம்பிக்கிறோம். ஆக அந்தக் கேள்விக்கு விடை வரும், ஆனால் அப்படி ஒரு கம்பி அப்படி ஆடாது. வழிகாட்டிப் புத்தகங்களில் இந்த மாதிரி கண்ணை மூடிக்கொண்டு எண் போட்ட கணக்குகள் தாராளமாகக் கிடைக்கும். பிள்ளைகள் அதைக் கேள்வி கேட்கப் பழகினால் எனக்குச் சந்தோஷம்.

சைனே இல்லாமல் ஒரு சமன்பாடு கொடுத்தால் என்ன செய்வது? ஜே.இ.இ பக்கம் போகிறவர்களுக்கு இது வரும். உதாரணத்துக்கு இப்படி ஒன்று, x, y மீட்டரில், t நொடியில், எண்களின் அலகுகள் அதற்கேற்ப.

y = 6/[2 + (x − 3t)²]

இது ஒரே ஒரு மேடு, கம்பியை ஒருமுறை சுண்டிவிட்டால் ஓடுமே அந்த மாதிரி. (x − 3t) பூச்சியமாகும் இடத்தில் y அதிகபட்சம், 6/2 = 3 மீட்டர். அந்த இடம் x = 3t, அதாவது மேடு நொடிக்கு 3 மீட்டர் வேகத்தில் வலப்பக்கம் போகிறது. அலைநீளம்? கிடையாது, திரும்பத் திரும்ப வரும் உருவம் எதுவும் இல்லையே. அதிர்வெண்ணும் அப்படித்தான். நான்கு அளவுகளில் இரண்டுக்கு இங்கே அர்த்தமே இல்லை, ஆனாலும் வேகம் கிடைத்துவிட்டது. பிரெஞ்சுக் கணிதவியலாளர் தாலம்பேர் 1747-இல் அதிரும் கம்பியைப் பற்றி எழுதியபோது சொன்னது இதுதான். x − vt என்ற சேர்க்கையால் ஆன எந்த உருவமும் கம்பியில் அப்படியே வலப்பக்கம் நகரலாம், x + vt-யால் ஆனது இடப்பக்கம் நகரலாம். சைன் அந்த உருவங்களில் ஒன்று. v = ω/k என்று நாம் எடுத்த விடையும் இதிலிருந்து வருவதே, 50πt − 0.04πx என்பதில் −0.04π-ஐ வெளியே எடுத்தால் உள்ளே மிஞ்சுவது x − 1250t.

x-உம் t-யும் ஒரே அடைப்புக்குறிக்குள் சேர்ந்து இருப்பதுதான் முன்னேறு அலைக்கு அடையாளம். y = 2 sin(0.04πx) cos(50πt) என்று இரண்டும் தனித்தனி வீட்டில் குடியிருந்தால் அது நிலை அலை. முகடு இருந்த இடத்திலேயே எழுந்து விழும், பிடித்துக்கொண்டு ஓட ஒன்றும் இருக்காது. அதைப் பிரித்தால் தலா 1 செ.மீ வீச்சுள்ள இரண்டு அலைகள் எதிரெதிராக 12.5 மீட்டர்/நொடியில் போவது தெரியும். 50 செ.மீ-உம் 25 ஹெர்ட்ஸும் மாறுவதில்லை. அந்த 2-ஐ முன்னேறு அலையின் வீச்சு என்று எழுதினால்தான் மாட்டிக்கொள்வோம்.

இன்னொரு விஷயத்தைப் பிள்ளைகள் தாமாகவே கேட்பார்கள். 25 ஹெர்ட்ஸை 50 ஆக்கினால் வேகமும் இரட்டிப்பாகுமா? v = fλ என்ற சூத்திரத்தை மட்டும் பார்த்தால் ஆகும் போலத்தான் தோன்றும். ஆகாது. கம்பியில் வேகத்தைத் தீர்மானிப்பது கம்பியின் இழுவிசையும் ஒரு மீட்டருக்கு அதன் நிறையும். v² = T/μ. நம் கம்பி மீட்டருக்கு 5 கிராம் என்று வைத்தால், T = 0.005 × 12.5² = 0.78 நியூட்டன். கப்பி வழியாக 80 கிராம் எடையைத் தொங்கவிட்டால் போதும். இதே கம்பியை இரண்டு மடங்கு வேகமாக ஆட்டினால் சமன்பாடு 100πt − 0.08πx ஆகும். t-யின் எண் கூடினால் x-இன் எண்ணும் கூடவே இழுபட்டு வரும், அலைநீளம் 25 செ.மீ ஆகச் சுருங்கும், வேகம் அதே 1250. கேள்வித்தாளில் 100πt − 0.04πx என்று இருந்தால் அது வேறு நிலைமை. வேகம் 25 மீட்டர்/நொடி, அப்படியானால் இழுவிசை நான்கு மடங்கு, தொங்கும் எடை 320 கிராம். சமன்பாடு இந்த எடையைப் பற்றி வாய் திறக்காது, ஆனால் இரண்டு சமன்பாடுகளைப் பக்கத்தில் வைத்தால் ஆய்வகத்தில் யாரோ எடையை மாற்றியிருக்கிறார்கள் என்று சொல்லிவிடலாம்.

ஒளிக்கும் இதே வாசிப்புதான். பிளஸ் டூவில் மின்காந்த அலைகள் வரும்போது E = 60 sin(1.2 × 10⁷x − 3.6 × 10¹⁵t) என்று ஒன்றைக் கொடுத்தால் எண்களின் உருவத்தைப் பார்த்து மிரள வேண்டியதில்லை. அங்கே வீச்சு தூரமல்ல, மின்புலத்தின் அளவு, 60 வோல்ட்/மீட்டர். எதுவும் மேலும் கீழும் நகர்வதில்லை, புலம்தான் கூடிக் குறைகிறது. 3.6 × 10¹⁵-ஐ 1.2 × 10⁷-ஆல் வகுத்தால் 3 × 10⁸ மீட்டர்/நொடி, வெற்றிடத்தில் ஒளியின் வேகம். வேறு எண் வந்திருந்தால் ஒன்று கணக்கில் தப்பு, அல்லது ஒளி வெற்றிடத்தில் இல்லை. அலைநீளம் 2π/(1.2 × 10⁷), சுமார் 524 நானோமீட்டர், பச்சை. அதிர்வெண் சுமார் 5.7 × 10¹⁴ ஹெர்ட்ஸ்.

இதே ஒளி 1.5 ஒளிவிலகல் எண் உள்ள கண்ணாடிக்குள் நுழைந்தால் t-யின் எண் 3.6 × 10¹⁵ ஆகவே இருக்கும், x-இன் எண் 1.8 × 10⁷ ஆகும். வேகம் 2 × 10⁸, அலைநீளம் 349 நானோமீட்டர். கம்பியில் ஆட்டும் கை அதிர்வெண்ணைத் தீர்மானித்தது போல இங்கே அதைத் தீர்மானித்தது ஒளி கிளம்பிய இடம், கண்ணாடியால் அதைத் தொட முடியாது. 349 என்ற எண்ணைப் பார்த்துவிட்டு, "அது புற ஊதாவாச்சே சார், கண்ணாடிக்குள்ள பச்சை தெரியாதா?" என்று கேட்பவர்களிடம் t-க்கு முன்னால் இருக்கும் எண்ணைக் காட்டுவேன். நிறம் அந்த எண்ணோடு வருவது, அது மாறவில்லை.